5.18க்கு யார் என்ன செய்தது?

போன மார்கழியில் ஒரு வியாழக்கிழமை பின்னேரம் நான் ஒரு டெப்ளோய்மென்ட் செய்தேன். 37 நிமிடம் எங்கள் சேவை படுத்துவிட்டது. பிறகு தானாக எழும்பியது. ஏன் படுத்தது, ஏன் எழும்பியது எண்டு ஒருத்தருக்கும் தெரியவில்லை. அடுத்த நாள் அதைப்பற்றி முழு டீமுக்கும் ஒரு அறிக்கை எழுத வேண்டிய ஆள் நான். இந்தக் கட்டுரை டெப்ளோய்மென்டைப் பற்றியதைவிட அந்த அறிக்கையைப் பற்றியது. அதை நான் மூன்று தடவை எழுத வேண்டி வந்தது.

நாங்கள் யாழ்ப்பாணத்தில் ஒரு சின்ன ஒஃபிஸ். பதினொரு பேர். இரவு பஸ்களுக்கு சீட் பதிவு செய்யிற ஒரு சேவையைப் பராமரிக்கிறம். பின்னேரம் நாலு மணியிலிருந்து எட்டு மணி வரை கொழும்பு பஸ்களுக்கான நேரம். பயணி போனில் டிக்கெட்டைக் காட்டுவார், கண்டக்டர் தன் போனில் சீட் பட்டியலைப் பார்ப்பார். ரெண்டும் எங்கள் டேட்டாபேஸில் `bookings` எண்ட ஒரே டேபிளிலிருந்துதான் வருகுது. அந்த நேரத்தில் ஏன் டெப்ளோய் செய்தாய் எண்டு நீங்கள் கேட்கலாம். எங்கள் மேலிடமும் அதைத்தான் கேட்டது. பதில் பிறகு வரும்.

செய்ய வேண்டியது சின்ன வேலை. பயணி எந்தச் சந்தியில் ஏறுவார் எண்டு ஒரு குறிப்பு எழுத, அந்த டேபிளில் ஒரு புது நிரல் சேர்க்க வேணும்.

```sql
ALTER TABLE bookings ADD COLUMN pickup_note text;
```

போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸில் இப்படி வெறுமையான ஒரு நிரலைச் சேர்க்கிறது கண் மூடித் திறக்கிற வேலை. டேபிளில் எத்தனை லட்சம் வரிசை இருந்தாலும் பழைய வரிசைகளை அது தொடுவதில்லை. சோதனைச் சூழலில் ஓட்டிப் பார்த்தேன், ஒரு செக்கன்கூட எடுக்கவில்லை. 4.41க்கு உண்மையான டேட்டாபேஸில் ஓட்டினேன். நின்றுவிட்டது. 4.44க்கு அலாரம் அடித்தது, ஒரு பக்கமும் திறக்கவில்லை. 4.47க்கு டெப்ளோய்மென்டை ரத்துச் செய்தேன். 4.49க்கு திரையில் `Canceled` எண்டு வந்தது. அப்ப மைக்ரேஷன் போய்விட்டது, பிரச்சினை வேற எங்கேயோ எண்டு நினைத்தேன். டேட்டாபேஸ் சேர்வரின் சிபியு நாலு சதவீதத்தில் சும்மா கிடந்தது. சரி, டேட்டாபேஸில் பிழையில்லை. 4.55க்கு அப்ளிகேஷன் சேர்வர்களை மறு தொடக்கம் செய்தேன். 5.03க்கு இன்னொருக்கா. 5.05இலிருந்து டேட்டாபேஸுக்குள் நான்கூட நுழைய முடியவில்லை:

```
FATAL:  sorry, too many clients already
```

மன்னிப்புக் கேட்டுக்கொண்டே கதவை மூடுற ஒரு மென்பொருள். அந்த நேரம் சிரிப்பு வரவில்லை. 5.18க்கு ஒண்டும் செய்யாமலே எல்லாம் திரும்பி வந்தது. அதற்கிடையில் பஸ் நிலையத்தில் கண்டக்டர்மார் கொப்பித் தாளில் பேர் எழுதத் தொடங்கியிருந்தார்கள். ஒரே சீட்டில் ரெண்டு பேர் இருந்து சண்டை பிடித்த கதையும் வந்தது. குழுவில் மேலிடத்திலிருந்து வந்த முதல் மெசேஜ் ரெண்டு சொல்: "யார் செய்தது?"

வெள்ளி காலை எழுதிய முதல் வரைவை இப்பவும் வைத்திருக்கிறேன். எங்கள் ஆவணங்கள் ஆங்கிலத்தில்தான் இருக்கும், கொழும்பிலிருந்து வேலை செய்யிற ரெண்டு சிங்கள நண்பர்களும் வாசிக்க வேணும். ஆனால் நான் யோசிக்கிறது தமிழில், அதனால் முதலில் கொப்பியில் தமிழில் எழுதுவேன். அந்தக் கொப்பியில் இருந்தது இது: "பிஸியான நேரத்தில் நான் கவனமில்லாமல் டெப்ளோய் செய்துவிட்டேன். சரியாக யோசிக்காமல் சேர்வர்களை ரெண்டு தடவை மறு தொடக்கம் செய்தேன். இனிமேல் கவனமாக இருப்பேன். எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்கிறேன்." காரணம் எண்ட தலைப்பின் கீழ்: "தெரியவில்லை."

எனக்கு அது நேர்மையான எழுத்தாகப் பட்டது. பழியை நானே எடுத்துக்கொள்கிறேன், வேற யாரையும் இழுக்கவில்லை. டீம் லீட் அக்காவுக்கு அனுப்பினேன். அவ திருப்பிக் கூப்பிட்டு, "இதில என்ன இருக்கு? நீ கெட்டவன் எண்டு இருக்கு. வேற ஒண்டும் இல்லை. நாளைக்கு உன்ர இடத்தில இன்னொருத்தர் இருந்து இதே வேலையைச் செய்தா இதை வாசிச்சு அவருக்கு என்ன தெரியும்?" எண்டு கேட்டா.

"பழி சொல்லாத அறிக்கை" எண்ட பேச்சை நான் முதலே கேள்விப்பட்டிருந்தேன். எட்சி நிறுவனத்தில் இருந்த ஜோன் ஆல்ஸ்போ 2012இல் அதைப்பற்றி எழுதிய பதிவு இந்தத் துறையில் நிறையப் பேர் வாசித்தது. ஆனால் அதை நான் விளங்கிக்கொண்டது மற்றவனைப் பழி சொல்லாதே எண்டு. தன்னைத் தானே பழி சொல்கிறதும் அதே வேலையைத்தான் செய்யும் எண்டு யோசிக்கவில்லை. "நான் கவனமில்லை" எண்டு எழுதின உடனே விசாரணை முடிந்துவிடுகிறது. அதற்குப் பிறகு ஒருத்தரும் கேள்வி கேட்பதில்லை.

ரெண்டாவது வரைவில் நான் மற்றப் பக்கம் விழுந்தேன். ஆட்களே இல்லாமல் எழுதினேன். தமிழ் அதற்கு நல்ல வசதியான மொழி. உடைத்தேன் எண்டு சொல்லாமல் உடைந்தது எண்டு சொல்லலாம். "டெப்ளோய்மென்ட் நடந்தது. சேவை நின்றது. சேர்வர்கள் மறு தொடக்கம் செய்யப்பட்டன. சேவை மீண்டது." சின்னனில் வீட்டில் கோப்பை விழுந்தால் "அது உடைஞ்சு போச்சு" எண்டு சொல்லுவமே, அந்த மாதிரி. அக்கா அதையும் திருப்பி அனுப்பினா. ஒவ்வொரு வரியின் பக்கத்திலும் ஒரே கேள்வி: "அந்த நிமிஷம் திரையில என்ன இருந்தது? அதைப் பார்த்து என்ன எண்டு நினைச்சனி?"

அந்தக் கேள்விக்குப் பதில் எழுதத் தொடங்கின பிறகுதான் அறிக்கை ஒரு அறிக்கையாக மாறியது. "ரெண்டு தடவை மறு தொடக்கம் செய்திருக்கக் கூடாது" எண்ட வரி இப்படி ஆனது: "4.49க்கு டெப்ளோய் திரை `Canceled` எண்டு காட்டியது. டெப்ளோய் செய்த பொறியியலாளர் மைக்ரேஷன் டேட்டாபேஸிலும் நின்றுவிட்டதாக விளங்கிக்கொண்டார். சிபியு நாலு சதவீதம் இருந்தது அந்த எண்ணத்தை உறுதிப்படுத்தியது. அதனால் அப்ளிகேஷன் சேர்வர்களைச் சந்தேகித்து மறு தொடக்கம் செய்தார்." இப்ப வாசிக்கிற ஆளுக்கு ஒரு கேள்வி வரும். `Canceled` எண்டால் உண்மையில் எது ரத்தாகுது?

அதைச் சரிபார்க்க டேபிளின் அமைப்பைத் திறந்தேன். `pickup_note` நிரல் அங்கே இருந்தது. ரத்துச் செய்ததாகத் திரை சொன்ன மைக்ரேஷன் முடிந்திருந்தது! எனக்குக் கை குளிர்ந்துபோனது. ஆனால் அது எப்ப முடிந்தது, ஏன் அவ்வளவு நேரம் காத்திருந்தது எண்டு அந்த நிரல் சொல்லாது. டேட்டாபேஸ் லொக்குக்காகக் காத்திருப்பதைப் பதிவு செய்யும் `log_lock_waits` அமைப்பு எங்களிடம் அணைத்து இருந்தது. தடயம் அதோடு முடிந்தது.

அந்த அரைகுறை வரைவை அக்கா முழு டீமுக்கும் அப்படியே அனுப்பச் சொன்னா. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு சப்போர்ட் பக்கம் வேலை செய்யிற தம்பி படிக்கட்டில் என்னை மறித்தான். வேலைக்குச் சேர்ந்து நாலு மாதம், இன்னும் நிரந்தரம் ஆக்கவில்லை.

"அண்ணா, நேற்று அஞ்சு பதினெட்டுக்குத்தான் சரியானது எண்டு எழுதியிருக்கிறியள். அந்த நேரம் நான் ஒண்டு செய்தனான். அது சம்பந்தப்படுமோ தெரியாது."

4.10க்கு ஒரு பயணியின் முறைப்பாடு வந்திருக்கு. டேட்டாபேஸைப் பார்க்கிற மென்பொருளைத் திறந்து அந்தப் பதிவைத் தேடி, பதிலும் சொல்லியிருக்கிறான். விண்டோ திறந்தபடி பின்னால் கிடந்தது. பிறகு சேவை படுத்தது. கண்டக்டர்மார் எடுத்த அத்தனை அழைப்புக்கும் பதில் சொன்னது அவன்தான். 5.18க்கு, மடிக்கணினி மெதுவாக இருக்கு, எல்லாவற்றையும் ஒருக்கா மூடித் திறப்பம் எண்டு அந்த விண்டோவையும் மூடினான். அழைப்புகள் நின்றன.

இதை அவன் சொல்லாமல் விட்டிருந்தால் எங்களுக்கு ஒருநாளும் தெரிந்திருக்காது. மூடின விண்டோவுக்குச் சாட்சி இல்லை. முதல் நாள் குழுவில் "யார் செய்தது?" எண்டு கேட்டவருக்கு நான் என் பேரைச் சொல்லியிருந்தேன், அதோடு கதை முடிந்திருந்தது. அவன் பேசாமல் இருக்க எல்லாக் காரணமும் இருந்தது. ஏன் சொன்னாய் எண்டு பிறகு கேட்டேன். "உங்கட டொக்யுமென்டில நீங்கள் பார்த்ததை எல்லாம் எழுதியிருந்தியள். பிழையா நினைச்சதையும். ஏச்சு ஒண்டும் இருக்கேல்ல" எண்டான்.

ரெண்டு பேரும் என் மேசையில் இருந்து அதைத் திரும்ப நடத்திப் பார்த்தோம். போஸ்ட்கிரெஸ் இருக்கிற யாரும் உங்கள் கணினியில் இதைச் செய்து பார்க்கலாம். மூன்று விண்டோ வேணும். முதலாவதில் இது:

```sql
BEGIN;
SELECT * FROM bookings LIMIT 1;
```

பதில் வரும், ஆனால் `COMMIT` கொடுக்காமல் அப்படியே விடுங்கள். ரெண்டாவதில் அந்த `ALTER TABLE` கட்டளை. நின்றுவிடும். மூன்றாவதில் சும்மா ஒரு `SELECT`. அதுவும் நிற்கும். எங்களுக்கு ஆச்சரியம் தந்தது இந்த மூன்றாவதுதான்.

ஒரு வாசிகசாலையை நினையுங்கள். வாசிக்கிறவர்கள் எத்தனை பேரும் ஒண்டாக உள்ளே இருக்கலாம், ஒருத்தருக்கு ஒருத்தர் இடைஞ்சல் இல்லை. அலுமாரி திருத்த வருகிற தச்சருக்கோ உள்ளே ஒருத்தரும் இருக்கக் கூடாது. வேலை ஒரு நிமிடம்தான், ஆனால் மண்டபம் வெறுமையாக வேணும். உள்ளே ஒருத்தர் புத்தகத்தைத் திறந்தபடி நித்திரை. தச்சர் வாசலில் காத்து நிற்கிறார். அவருக்குப் பின்னால் வருகிற வாசகர்கள் உள்ளே போகலாம்தானே? விடமாட்டார்கள், தச்சருக்குப் பின்னால் வரிசையில் நிற்க வேணும். இல்லாவிட்டால் தச்சருக்கு ஒருநாளும் முறை வராது. போஸ்ட்கிரெஸ் லொக் வரிசை அப்படித்தான் நடக்கிறது. நித்திரை கொண்டது தம்பியின் விண்டோ, தச்சர் என் மைக்ரேஷன், வெளியே வெயிலில் நின்றது கண்டக்டர்மார்.

இது விளங்கின உடனே மற்றதெல்லாம் தானாகப் பொருந்தியது. வரிசையில் நிற்கிறவர்கள் வேலை செய்வதில்லை, அதனால்தான் சிபியு நாலு சதவீதம். சேவை படுத்திருக்கேக்க டேட்டாபேஸ் சும்மா இருப்பது நல்ல அறிகுறி இல்லை, லொக் வரிசையைச் சந்தேகிக்க வேண்டிய அறிகுறி. நான் அழுத்தின ரத்து, மைக்ரேஷனை ஓட்டின எங்கள் பக்கத்து நிரலைத்தான் கொன்றது. டேட்டாபேஸுக்குள் லொக்குக்காகக் காத்து நிற்கிற செயல், கூப்பிட்ட ஆள் போய்விட்டதைக் கவனிக்காது. அது தொடர்ந்து வாசலில் நின்றது. என் மறு தொடக்கங்களும் அப்படித்தான். நாலு சேர்வர், ஒண்டுக்கு இருபது இணைப்பு, ஆக 80 பேர் வரிசையில். சேர்வரைக் கொன்றாலும் அந்த 80 பேரும் டேட்டாபேஸுக்குள் நின்றபடிதான். புதிதாக எழும்பின சேர்வர்கள் மிச்ச இடத்தையும் பிடிக்க, நூறு எண்ட எல்லை நிரம்பிவிட்டது. அதற்குப் பிறகு கீழே இருக்கிற கேள்வியைக் கேட்டுப் பார்க்கக்கூட எனக்கு உள்ளே இடம் கிடைக்கவில்லை:

```sql
SELECT pid, pg_blocking_pids(pid), query
FROM pg_stat_activity
WHERE wait_event_type = 'Lock';
```

யார் யாரை மறித்து நிற்கிறார் எண்டு இது சொல்லும். 4.50க்கு இதைக் கேட்டிருந்தால் ஒரு நிமிடத்தில் முடிந்திருக்கும் எண்டு எழுத ஆசையாக இருந்தது. எழுதவில்லை. அந்த நேரம் எங்கள் ஒருத்தருக்கும் அந்தக் கேள்வி தெரியாது.

அப்ப தம்பியின் பிழையா? அந்தப் பகுதியை எழுதத்தான் கன நேரம் எடுத்தது. சாதாரணமாக இப்படியான மென்பொருளில் ஒரு கேள்வி முடிந்ததும் பரிவர்த்தனையும் முடிந்துவிடும். அவனுடையதில் அந்தத் தானியங்கு `COMMIT` அணைத்து இருந்தது. யார் அணைத்தது? சேர்ந்த நாளில் நாங்கள் கொடுத்த செக்லிஸ்ட். அதில் ஏன் அப்படி இருக்கு எண்டு தேடினால், எட்டு மாதத்துக்கு முதல் ஒருத்தர் `WHERE` இல்லாமல் ஒரு `UPDATE` ஓட்டி ஒரு நாள் பதிவுகள் பாழானதற்குப் பிறகு எழுதின அறிக்கை வந்தது. அதன் திருத்த நடவடிக்கை: "எல்லோரும் தானியங்கு கமிட்டை அணைக்க வேண்டும், பிழை விட்டால் திரும்ப எடுக்கலாம்." நல்ல நோக்கம். அதைப் பரிந்துரைத்த நாலு பேரில் நானும் ஒருத்தன். போன தடவை நாங்கள் போட்ட மருந்துதான் இந்தத் தடவை நோய்.

அறிக்கையில் அது இப்படிப் போனது: "சப்போர்ட் பொறியியலாளர் குழுவின் செக்லிஸ்ட்டின்படி அமைக்கப்பட்ட கருவியில் ஒரு பதிவைப் பார்த்தார். ஒரு பரிவர்த்தனை திறந்திருப்பதைக் காட்டும் எந்த அடையாளமும் அவர் வேலை செய்த திரையில் முன்னால் இருக்கவில்லை." பேர் இல்லை, ஆனால் செய்த காரியம் முழுக்க இருக்கு. "பார்த்தார்" எண்ட மரியாதை விகுதிக்கு அண்டைக்குத்தான் நன்றி சொன்னேன். பார்த்தான், பார்த்தாள் எண்டு எழுதினால் பதினொரு பேர் இருக்கிற ஒஃபிஸில் பேர் எழுதினது மாதிரித்தான்.

எல்லோருக்கும் யாரெண்டு தெரியும்தானே, பிறகெதற்கு இந்த மறைப்பு எண்டு ஒரு நண்பர் கேட்டார். நியாயமான கேள்வி. 2017 தை மாதம் 31ஆம் திகதி கிட்லாப் நிறுவனத்தில் ஒரு பொறியியலாளர் களைத்துப்போன இரவொன்றில் பிழையான சேர்வரில் டேட்டாபேஸ் கோப்புறையை அழித்துவிட்டார். ஆறு மணி நேரத்துத் தரவு போனது. அவர்கள் பகிரங்கமாக வெளியிட்ட அறிக்கையில் அவருக்கு `team-member-1` எண்டுதான் பேர். அதை வாசித்தபோது எனக்கு மனதில் நின்றது அழித்த கட்டளை இல்லை. தினமும் எடுக்கப்படுவதாக நம்பியிருந்த பேக்அப் பதிப்பு முரண்பாட்டால் எடுபடாமலே இருந்ததும், அந்தத் தோல்வியை அறிவிக்க வேண்டிய மின்னஞ்சல்கள் போய்ச் சேராததும்தான். பேர் இருந்திருந்தால் கண் அந்தப் பேரிலேயே நின்றிருக்கும்.

திருத்த நடவடிக்கைகளில் "கவனமாக இருப்போம்" எண்ட சொல்லுக்கு அக்கா தடை போட்டா. மைக்ரேஷன் ஓட முதல் `SET lock_timeout = '3s';` கொடுக்கிறது முதலாவது. மூன்று செக்கனில் லொக் கிடைக்காவிட்டால் தச்சர் வரிசையை விட்டு விலகிப் போய்ப் பிறகு வருவார், பின்னால் நிற்கிறவர்கள் உள்ளே போகலாம். மனிதர் பாவிக்கிற லொகின்களுக்கு `idle_in_transaction_session_timeout` ஐந்து நிமிடம் எண்டது ரெண்டாவது. தானியங்கு கமிட்டை அணைக்கிற பழைய விதியை எடுக்கவில்லை, அதற்கும் ஒரு காரணம் இருந்தது. இந்த ரெண்டும் அடுத்த கிழமையே முடிந்தன. அவசரத்துக்கு ஒதுக்கி வைத்திருக்கும் இணைப்பின் கடவுச்சொல்லை அன்றைய பொறுப்பாளரிடம் கொடுக்கிறது கொஞ்சம் இழுபட்டது. இந்த அட்டவணையில் மட்டும் பேர்களை எழுதினோம். யார் செய்வார், எந்தத் திகதிக்குள் எண்டு தெரிய வேணும்தானே.

பின்னேரத்தில் ஏன் டெப்ளோய் செய்தாய் எண்ட கேள்விக்குப் பதில்: காலையில் செய்யிறதாகத்தான் இருந்தது, கொழும்பிலிருந்து வர வேண்டிய அனுமதி 4.30க்குத்தான் வந்தது, "இண்டைக்குள் போக வேணும்" எண்ட குறிப்போடு. அந்தக் குறிப்பை எழுதினவர்தான் குழுவில் "யார் செய்தது?" எண்டு கேட்டவர். கால அட்டவணையில் அனுமதி வந்த நேரத்தை மட்டும் எழுதினேன். ஒரு சொல் கூடப் போடவில்லை. போட ஆசை இருந்தது, பொய் சொல்லக்கூடாது.

செவ்வாய்க்கிழமை கூட்டத்தில் அறிக்கையை வாசித்தோம். மேலிடத்தவர் கடைசி வரை பேசாமல் இருந்து, "அப்ப அனுமதி பதினொரு மணிக்குள் வராட்டி அடுத்த நாள்" எண்டு அட்டவணையில் தானே ஒரு வரி சேர்த்தார். தம்பி மூன்று விண்டோவையும் பெரிய திரையில் போட்டுக் காட்டினான். மூன்றாவது நின்றபோது, பல வருட அனுபவமுள்ள ரெண்டு பேர் கதிரையிலிருந்து முன்னுக்கு வந்து பார்த்தார்கள். பங்குனியில் அவனை நிரந்தரமாக்கினார்கள்.

டெப்ளோய் திரையில் `Canceled` எண்ட சொல்லை மாற்றி, டேட்டாபேஸில் மைக்ரேஷன் இன்னும் நிற்குதா எண்டு காட்ட வேண்டிய வேலை மட்டும் இன்னும் முடியவில்லை. அதற்கு நேரே இருக்கிறது என்ர பேர்தான். திகதியை ரெண்டு தடவை மாற்றிவிட்டேன்.